ரிட் மனு: ஆணையைப் படிப்பதில் தொடங்கி கோரிக்கையை எழுதுவது வரை

நிர்வாகச் சட்டத் தாளில் ரிட் பற்றிக் கேள்வி வந்தால், பெரும்பாலான மாணவர்கள் ஐந்து பெயர்களையும் அவற்றின் இலக்கணத்தையும் ஒப்பிப்பதில்தான் தொடங்குகிறார்கள். ஹேபியஸ் கார்ப்பஸ், மாண்டமஸ், செர்ஷியோரரி, புரோஹிபிஷன், குவோ வாரண்டோ என்று வரிசை தப்பாது. அதே மாணவரிடம் ஓர் அதிகாரியின் ஆணையைக் கொடுத்து, 'இதை எப்படி எதிர்ப்பீர்கள்?' என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். காரணம், ஐந்து பெயர்களும் கடைசியில் வரவேண்டியவை. முதலில் வரவேண்டியது ஆணை. அதில் என்ன கோளாறு என்று தெரிந்துவிட்டால், எந்த ரிட் என்பது கிட்டத்தட்டத் தானாகவே வந்துவிடும்.

ஆகவே இந்தக் கட்டுரையில் ஒரே ஓர் ஆணையை எடுத்துக்கொண்டு கடைசிவரை போவோம். ஆணை கற்பனையானது, ஆனால் தமிழ்நாட்டு வருவாய்த் துறை அலுவலகங்களில் வழக்கமாகக் காணும் வடிவத்தில்தான் அமைந்திருக்கிறது.

தஞ்சாவூர் மாவட்டக் கிராமம் ஒன்றில் கமலா என்பவர் 40 சென்ட் நிலத்தைக் கிரயம் வாங்கி, 11 ஆண்டுகளாகத் தன் பெயரில் பட்டா வைத்திருக்கிறார். அந்த நிலத்தில் தனக்கும் பங்கு உண்டு என்று ஓர் உறவினர், திங்கள்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு கொடுக்கிறார். சில வாரங்களில் கமலாவுக்குத் தபாலில் ஒரு தாள் வருகிறது. மேலே 'வட்டாட்சியரின் செயல்முறைகள்', அதன்கீழ் ந.க. எண், தேதி. 'பொருள்' என்ற இடத்தில் 'பட்டா ரத்து செய்தல் – தொடர்பாக'. 'பார்வை' என்ற இடத்தில் மூன்று வரிகள்: உறவினரின் மனு, கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை, மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கடிதம். பிறகு ஒரே பத்தியில் ஆணை: 'பார்வை 3-இல் கண்ட கடிதத்தில் அறிவுறுத்தியவாறு, மேற்படி சர்வே எண்ணுக்கான பட்டா இதன்மூலம் ரத்து செய்யப்படுகிறது.'

முதல் வேலை: 'பார்வை'யைப் படிப்பது

ஆணையின் உடலைவிட 'பார்வை' பகுதியில்தான் வழக்கு ஒளிந்திருக்கும். அதிகாரி முடிவெடுப்பதற்கு முன் எந்தெந்தத் தாள்களைப் பார்த்தார் என்பதை அவரே எழுதிவைத்திருக்கும் பட்டியல் அது. கமலாவின் ஆணையில் மூன்று தாள்கள். அவற்றில் கமலாவுக்கு அனுப்பிய அறிவிப்பு இல்லை. அவர் கொடுத்த விளக்கமும் இல்லை. அறிவிப்பு அனுப்பியிருந்தால் எந்த எழுத்தரும் அதைப் 'பார்வை'யில் சேர்க்காமல் விடமாட்டார். ஆக, கமலாவைக் கேட்காமலே முடிவெடுத்திருக்கிறார்கள் என்பதற்கு அரசுத் தரப்பின் தாளே சாட்சி.

மூன்றாவது வரியும் கவனிக்கத்தக்கது. வட்டாட்சியர் தானாக யோசித்து முடிவுக்கு வந்ததாக ஆணையில் ஒரு சொல்கூட இல்லை. மேலிடத்துக் கடிதம் சொன்னது, செய்துவிட்டார். இன்னொன்றும் இல்லாமல் இருக்கிறது: காரணம். எந்தச் சட்டப் பிரிவின்கீழ் இந்த அதிகாரம் என்ற குறிப்பும் இல்லை.

இவற்றோடு ஆணை கையில் கிடைத்த தேதியையும் தபால் உறையையும் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். ஆணையின் தேதிக்கும் அது கிடைத்த தேதிக்கும் சில நேரம் மாதக் கணக்கில் இடைவெளி இருக்கும். தாமதம் பற்றிய கேள்வி எழும்போது அந்த உறைதான் பேசும்.

நீதிமன்றம் எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது

இந்த இடத்தில்தான் நீதிப் புனராய்வு என்ற கருத்தை உள்ளே கொண்டுவர வேண்டும். அரசியலமைப்புச் சட்டத்தின் 226-வது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றம் உட்காரும்போது, அது வட்டாட்சியருக்கு மேலே இருக்கும் இன்னொரு வருவாய் அதிகாரி அல்ல. முடிவு சரியா தவறா என்பதைவிட, முடிவெடுத்த விதம் சட்டப்படி இருந்ததா என்றுதான் பார்க்கும். டாடா செல்லுலார் வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக வகுத்தது. மேல்முறையீட்டு மன்றம் போல நீதிமன்றம் அமராது. முடிவெடுக்கப்பட்ட முறையை மட்டுமே அது சீர்தூக்கிப் பார்க்கும்.

இதன் நடைமுறைப் பொருள் என்ன? கமலாவின் இடத்தில் நின்றுகொண்டு, 'நிலம் எங்களுடையதுதான், இதோ கிரயப் பத்திரம், இதோ வில்லங்கச் சான்று' என்று 20 பக்கம் எழுதினால் மனு தோற்பதற்கு வழிசெய்கிறீர்கள். நிலம் யாருடையது என்பது சாட்சி விசாரித்து முடிவு செய்யவேண்டிய விஷயம். அது உரிமையியல் நீதிமன்றத்தின் வேலை. அரசு வழக்கறிஞர் எழுந்து, 'இது சொத்துரிமைத் தகராறு, சிவில் கோர்ட்டுக்குப் போகட்டும்' என்று ஒரு வரி சொன்னால் போதும். மாறாக, 'நிலம் யாருடையதாகவும் இருக்கட்டும். 11 ஆண்டுப் பதிவை நீக்கும் முன் என்னைக் கேட்டிருக்க வேண்டும்' என்று நின்றால், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியது வட்டாட்சியர்.

உண்மை பற்றிய தவறுக்கும் சட்டம் பற்றிய தவறுக்கும் இடையிலான இந்தக் கோட்டைப் போட்ட முக்கியமான தீர்ப்பு சென்னையிலிருந்து போன வழக்கில்தான் பிறந்தது. சென்னை – சிதம்பரம் தடத்துக்கான பஸ் பெர்மிட் பற்றிய சையத் யாக்கூப் வழக்கு அது. ஓர் ஆணையை வரவழைத்து ரத்து செய்யும் செர்ஷியோரரி அதிகாரம் கண்காணிப்பு அதிகாரமே அன்றி மேல்முறையீட்டு அதிகாரம் அல்ல என்று 1963-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரு சாட்சியை நம்புவதா வேண்டாமா, இருக்கும் ஆதாரம் போதுமா என்பதில் நீதிமன்றம் தலையிடாது. ஆனால் ஆதாரமே இல்லாமல் ஒரு முடிவுக்கு வந்திருந்தாலும், ஏற்கவேண்டிய ஆதாரத்தைத் தவறாக ஒதுக்கியிருந்தாலும் அது சட்டத் தவறு, அப்போது தலையிடும். பெர்மிட் வழக்குகளின் காலம் போய்விட்டாலும் இந்த வரையறை இன்றும் அப்படியே இருக்கிறது.

கோளாறுக்குப் பெயர் வைப்பது

1984-இல், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையில், ஜி.சி.எச்.கியூ. வழக்கு என்று பெயர்பெற்ற வழக்கில், டிப்லாக் பிரபு தலையீட்டுக்கான காரணங்களை மூன்று தலைப்பில் அடக்கினார்: சட்ட மீறல், பகுத்தறிவுக்கு ஒவ்வாமை, நடைமுறைக் குறைபாடு. இந்திய நீதிமன்றங்களும் அதை எடுத்துக்கொண்டன. தேர்வுக்கு மூன்றையும் சமமாகப் படிக்கிறீர்கள். உண்மையில் இரண்டாவது மிக அரிதாகவே வெல்லும். எந்த அறிவுள்ள அதிகாரியும் எடுக்க முடியாத அளவுக்கு அபத்தமான முடிவு என்று நிரூபிக்க வேண்டும். அந்த அளவுகோலுக்குப் பெயர் தந்த 1947-ஆம் ஆண்டு வெட்னஸ்பரி வழக்கிலேயே, ஞாயிற்றுக்கிழமைகளில் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைத் திரையரங்கில் அனுமதிக்கக் கூடாது என்ற நிபந்தனை செல்லும் என்றுதான் தீர்ப்பு வந்தது. எதிர்த்த திரையரங்கு தோற்றுப்போனது என்பதைப் பல மாணவர்கள் கவனிப்பதில்லை. ஆகவே முதலும் மூன்றாவதும் கையில் இருந்தால் அவற்றையே பிடியுங்கள்.

கமலாவின் வழக்கில் நடைமுறைக் குறைபாடு தெளிவாக இருக்கிறது. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பட்டா பாஸ் புத்தகச் சட்டம், பதிவை மாற்றும் முன் பாதிக்கப்படுபவருக்கு வாய்ப்பளிக்கச் சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் இயற்கை நீதி அதைச் சொல்லும். ரிட்ஜ் எதிர் பால்ட்வின் வழக்கில், பிரைட்டன் நகரக் காவல் துறைத் தலைவரை எந்த விசாரணையும் இல்லாமல் பதவிநீக்கியதை 1963-இல் பிரபுக்கள் சபை செல்லாதென்றது. 'இது நிர்வாக முடிவு, நீதிமுறை முடிவல்ல. எனவே கேட்கத் தேவையில்லை' என்ற பழைய சாக்கு அதோடு வலுவிழந்தது. இந்தியாவில் கிரைபாக் வழக்கு 1969-இல் அதே திசையில் போனது. ஜம்மு காஷ்மீர் வனத்துறைப் பதவிகளுக்கான தேர்வுக் குழுவில், அந்தப் பதவிக்குப் போட்டியிட்டவரே உறுப்பினராக உட்கார்ந்திருந்தார். அவருடைய பெயர் பரிசீலிக்கப்பட்டபோது அவர் விலகியிருந்தார். ஆனாலும் தேர்வு ரத்தானது.

ஒரு எச்சரிக்கை. 'அறிவிப்பு தரவில்லை' என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்பதையும் எழுத வேண்டும். வாய்ப்புத் தராததால் என்ன பாதிப்பு என்று நீதிமன்றங்கள் இப்போது கேட்கின்றன. கமலா சொல்லியிருக்கக்கூடியது நிறைய உண்டு: பதிவு செய்த கிரயப் பத்திரம் இருக்கிறது, 11 ஆண்டுகளாக யாரும் ஆட்சேபிக்கவில்லை, மனு கொடுத்த உறவினர் பங்கு கோரி வழக்குப் போட்டதே இல்லை. இந்த இடத்தில்தான் கிரயப் பத்திரத்துக்கு வேலை. சொத்துரிமையை நிலைநாட்ட அன்று, சொல்வதற்கு விஷயம் இருந்தது என்று காட்டுவதற்கு.

இரண்டாவது கோளாறு, பிறர் சொல்படி நடந்தது. இதற்கு 1951-ஆம் ஆண்டின் கோர்தன்தாஸ் பான்ஜி வழக்கைவிடப் பொருத்தமானது கிடையாது. பம்பாய் அந்தேரியில் திரையரங்கு கட்ட ஒருவருக்குப் போலீஸ் கமிஷனர் 1947-இல் அனுமதி கொடுத்தார். சில மாதங்களில், அனுமதி ரத்து செய்யப்பட்டதைத் தெரிவிக்குமாறு அரசு தனக்கு உத்தரவிட்டிருப்பதாக ஒரு கடிதம் அனுப்பினார். ரத்து செய்யும் அதிகாரம் விதிகளின்படி கமிஷனருக்குத்தான் உண்டு, அரசுக்கு இல்லை. வழக்கு வந்தபோது, கமிஷனரே யோசித்து எடுத்த முடிவுதான் அது என்று பிறகு விளக்கம் சொல்லப் பார்த்தார்கள். உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பொது அதிகாரியின் ஆணையை அதன் சொற்களைக் கொண்டுதான் பொருள்கொள்ள வேண்டும். தன் மனத்தில் என்ன இருந்தது என்று அவர் பின்னால் சொல்வதை வைத்து அல்ல என்றது. கமிஷனர் தன் அதிகாரத்தைத் தானே பயன்படுத்தி முடிவெடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. கமலாவின் ஆணையில் 'அறிவுறுத்தியவாறு' என்ற ஒரே சொல் இந்த வழக்கை உள்ளே அழைத்துவருகிறது.

மேல்முறையீடு இருக்கிறதே?

அரசுத் தரப்பின் முதல் தடை இதுவாகத்தான் இருக்கும். வட்டாட்சியரின் ஆணையை எதிர்த்துக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதன் பிறகு மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு என்று சட்டமே வழி வைத்திருக்கிறது. அதை விட்டுவிட்டு ஏன் இங்கே வந்தீர்கள்?

மாற்று நிவாரணம் இருந்தால் ரிட் கேட்கவே முடியாது என்பது சட்டமல்ல. அது நீதிமன்றம் தனக்குத்தானே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு. வேர்ல்பூல் வழக்கில் 1998-இல் விதிவிலக்குகள் தொகுத்துச் சொல்லப்பட்டன: அடிப்படை உரிமை மீறப்பட்டால், இயற்கை நீதி மீறப்பட்டால், அதிகார வரம்பே இல்லாமல் நடவடிக்கை எடுத்திருந்தால், சட்டமே செல்லுமா என்று கேள்வி எழுந்தால். கமலாவுக்கு இரண்டாவது நேராகப் பொருந்துகிறது. இன்னொரு வாதமும் உண்டு. ஆணையின் பின்னால் இருப்பது ஆட்சியர் அலுவலகக் கடிதம். அதே ஆட்சியரின்கீழ் வேலை செய்யும் கோட்டாட்சியரிடம் மேல்முறையீட்டுக்குப் போனால் நடுநிலையான விசாரணை கிடைக்குமா? இதை அடக்கமாக, ஒரு பத்தியில் சொல்லலாம். அதிகாரி மீது உள்நோக்கம் கற்பிக்கும் தொனி வேண்டாம். அப்படிக் கற்பித்தால் அவரைப் பெயர் சொல்லித் தரப்பினராகச் சேர்க்க வேண்டியிருக்கும். நிரூபிக்கும் பாரமும் உங்கள் தலையில் விழும்.

இதற்கு மாறாக, வட்டாட்சியர் முறையாக அறிவிப்புக் கொடுத்து, இரு தரப்பையும் கேட்டு, காரணம் எழுதி, தவறான முடிவுக்கு வந்திருந்தால்? அப்போது நேரே உயர் நீதிமன்றம் போவது வீண். மேல்முறையீட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கேதான் உண்மைகளை மீண்டும் அலச முடியும். இந்த வேறுபாட்டைத் தேர்வில் இரண்டு வரியில் எழுதினாலே விடைத்தாள் தனித்துத் தெரியும்.

எந்த ரிட்?

இப்போது பெயருக்கு வருவோம். முடிவு எடுத்தாகிவிட்டது, ஆணை தாளில் இருக்கிறது. அதை வரவழைத்து ரத்து செய்ய வேண்டும். அது செர்ஷியோரரி. வட்டாட்சியர் விசாரணையை மட்டும் தொடங்கி, அதிகாரமே இல்லாத விஷயத்தில் நடத்திக்கொண்டிருந்தால் அதைத் தடுக்க புரோஹிபிஷன். கமலா விண்ணப்பம் கொடுத்து வட்டாட்சியர் ஒன்றுமே செய்யாமல் கிடப்பில் போட்டிருந்தால் மாண்டமஸ்.

கமலாவுக்கு ரத்து மட்டும் போதுமா? ஆணை ரத்தானாலும் கணினிப் பதிவில் அவர் பெயர் தானாகத் திரும்பி வராது. பெயரை மீண்டும் சேர்க்கும்படி கட்டளையும் வேண்டும். ஆகவே இரண்டையும் சேர்த்து செர்ஷியோரரிஃபைட் மாண்டமஸ் கேட்கிறோம். பாடப்புத்தகத்தின் ஐந்தில் இந்தப் பெயர் இருக்காது. சென்னை உயர் நீதிமன்றத்தின் வழக்குப் பட்டியலில் நாள்தோறும் இருக்கும். 226-வது பிரிவு 'ரிட்டின் தன்மையுடைய' ஆணைகள் என்று அகலமாகப் பேசுவதால், பெயரைத் தவறாக எழுதியதற்காக மட்டும் மனு தள்ளுபடியாவதில்லை. ஆனாலும் தவறான பெயர், வழக்கறிஞருக்குத் தன் வழக்கே புரியவில்லை என்பதை நீதிபதிக்கு முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடும்.

மாண்டமஸ் பற்றி ஒரு சொல். அது கேட்க, சட்டப்படி ஒரு கடமை இருக்க வேண்டும். அதை நிறைவேற்றும்படி நீங்கள் கேட்டு, அதிகாரி மறுத்திருக்கவோ மௌனம் காத்திருக்கவோ வேண்டும். இதனால் 'என் மனுவைப் பரிசீலிக்க உத்தரவிடுங்கள்' என்ற எளிய கோரிக்கை பெருகிவிட்டது. யாருக்கும் நட்டமில்லாததுபோல் தெரியும் அந்த உத்தரவில் ஒரு கண்ணி இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போன சி. ஜேக்கப் வழக்கில், 1982-இல் பணி இழந்தவர் 18 ஆண்டுகள் கழித்து மனு கொடுத்து, அதைப் பரிசீலிக்கும்படி உத்தரவும் பெற்றார். செத்துப்போன கோரிக்கைக்கு இப்படி உயிர் கொடுக்க முடியாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. ரிட் மனுவுக்குக் காலவரம்புச் சட்டம் இல்லை என்பது உண்மை. தாமதத்துக்கு விளக்கம் சொல்லவேண்டும் என்பதும் அதே அளவு உண்மை. கமலா ஓரிரு மாதத்துக்குள் வந்துவிட்டால் இந்தப் பிரச்சினையே எழாது.

மீதி இரண்டும் வேறு களத்தைச் சேர்ந்தவை. ஒருவர் சட்டவிரோதமாக அடைக்கப்பட்டிருந்தால் ஆட்கொணர்வு மனு; சென்னையில் குண்டர் சட்டக் காவலை எதிர்த்து ஏராளமாக வருபவை இவையே. பொதுப் பதவியில் தகுதியில்லாதவர் அமர்ந்திருந்தால் குவோ வாரண்டோ. 2001-இல் தமிழ்நாட்டு முதலமைச்சராக ஜெயலலிதா நியமிக்கப்பட்டது செல்லாது என்று பி.ஆர். கபூர் வழக்கில் வந்த தீர்ப்பு அதற்கு எல்லோரும் அறிந்த உதாரணம்.

எந்த நீதிமன்றம், யார் யார் எதிர் மனுதாரர்

தஞ்சாவூர் மாவட்டம் மதுரைக் கிளையின் எல்லைக்குள் வருகிறது. பக்கத்திலிருக்கும் நாகப்பட்டினம் சென்னைக்குப் போகிறது. 2004 ஜூலை 24 முதல் இயங்கும் மதுரைக் கிளையில் மனுவின் எண்ணோடு 'எம்.டி.' என்ற குறி சேரும்.

இடம் பற்றிய விதி இன்று எளிதாகத் தோன்றினாலும் அதற்கு ஒரு வரலாறு உண்டு. அரசியலமைப்புச் சட்டத்துக்கு முன் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று உயர் நீதிமன்றங்களுக்குத்தான் இந்த ரிட் அதிகாரம் இருந்தது. அதுவும் மாகாணத் தலைநகர எல்லைக்குள் முடங்கியது. கஞ்சம் மாவட்ட உழவர்கள் ஜமீன்தாருக்குச் செலுத்தும் நில வாடகை தொடர்பாகச் சென்னையில் இருந்த வருவாய் வாரியத்தின் ஆணையை எதிர்த்தபோது, தகராறு நகரத்துக்கு வெளியே நடந்தது என்பதால் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட முடியாது என்று 1943-இல், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. 226-வது பிரிவு அந்தச் சுவரை இடித்தது. ஆனால் இன்னொரு சுவர் எழுந்தது. 1953-இல் சாகா வெங்கட்ராவ் வழக்கில், தேர்தல் ஆணையம் டெல்லியில் இருப்பதால் அதற்கெதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் ரிட் பிறப்பிக்க முடியாது என்று தீர்ப்பாயிற்று. சென்னை மாகாணத்தில் பாதிக்கப்பட்டவர் டெல்லிக்குப் பயணம் போக வேண்டிய நிலை. 1963-இல் 15-வது திருத்தம் அதைச் சரிசெய்தது. வழக்குக்கான காரணம் முழுவதுமோ ஒரு பகுதியோ எழுந்த இடத்தின் உயர் நீதிமன்றமும் விசாரிக்கலாம். இப்போது 226(2) என்று நீங்கள் படிப்பது அதுதான்.

எதிர் மனுதாரர்களில் மாணவர்கள் விட்டுவிடும் ஒருவர் உண்டு: மனு கொடுத்த உறவினர். ஆணையால் பயன்பெற்றவர் அவர். அவரைக் கேட்காமல் அந்த ஆணையை ரத்து செய்ய முடியாது. உதித் நாராயண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், செர்ஷியோரரி மனுவில் ஆணையிட்ட அமைப்பும் ஆணையால் பலன் அடைந்தவரும் அவசியமான தரப்பினர் என்றது. 'என்னைக் கேட்கவில்லை' என்று முறையிடும் மனுவில், இன்னொருவரைக் கேட்காமல் விட்டால் எப்படி இருக்கும்! ஆக, வட்டாட்சியர், மாவட்ட ஆட்சியர், உறவினர் ஆகிய மூவர்.

மனுவை எழுதுதல்

மனுவோடு பிரமாணப் பத்திரம் சேர வேண்டும். உண்மைகளைத் தேதி வரிசையில், ஒரு பத்திக்கு ஒரு விஷயமாக எழுதுங்கள். ஏற்கெனவே சிவில் வழக்கு நிலுவையில் இருந்தால் மறைக்காதீர்கள். மறைத்தது தெரிந்தால் அந்த ஒரு காரணத்துக்காகவே நிவாரணம் மறுக்கப்படும். பிறகு காரணங்கள். மூன்று போதும்: கேட்கவில்லை, பிறர் சொல்படி நடந்தார், காரணம் சொல்லவில்லை. பதினைந்து காரணங்களை அடுக்கும் மனுவில் நல்ல மூன்றும் காணாமல் போகும்.

கடைசியில் கோரிக்கை. அது ஒரே நீளமான வாக்கியம். நீதிபதி முதலில் படிப்பதும் அதையே. தமிழில் எழுதினால் இப்படி அமையும்:

'முதலாம் எதிர் மனுதாரரின் இன்ன தேதியிட்ட, இன்ன ந.க. எண் கொண்ட செயல்முறை தொடர்பான ஆவணங்களை வரவழைத்து, அந்த ஆணையை ரத்து செய்து, அதன் தொடர்ச்சியாக, இன்ன சர்வே எண்ணில் உள்ள 40 சென்ட் நிலத்துக்கான பட்டாவில் மனுதாரரின் பெயரை மீண்டும் பதிவு செய்யும்படி முதலாம் எதிர் மனுதாரருக்கு உத்தரவிட்டு, செர்ஷியோரரிஃபைட் மாண்டமஸ் ரிட்டோ, பொருத்தமான வேறு ரிட்டோ, ஆணையோ, வழிகாட்டுதலோ பிறப்பிக்குமாறு வேண்டுகிறேன்.'

வரவழைத்தல், ரத்து, தொடர்ச்சியான கட்டளை என்று மூன்று உறுப்புகளும் அந்த வரிசையில் இருப்பதைக் கவனியுங்கள். நாம் தேர்ந்தெடுத்த ரிட் அங்கே வாக்கியமாக நிற்கிறது. எண்ணோ தேதியோ ஒரு எழுத்து மாறினாலும் வேறு ஆணையை எதிர்த்ததாகிவிடும். இதோடு தனி மனுவாக இடைக்காலத் தடையும் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் வழக்கு நடக்கும்போதே உறவினர் பெயருக்குப் பட்டா மாறி, நிலம் மூன்றாம் ஆளுக்கு விற்பனையாகலாம்.

பதில் மனு வந்த பிறகு

அரசின் பதில் மனுவை எழுதுபவர் பெரும்பாலும் ஆணையைவிட நன்றாக எழுதுவார். 'நில அளவையாளர் அறிக்கையைப் பரிசீலித்தோம், பட்டா மாற்றத்தில் மோசடி தெரிந்தது' என்று ஆணையில் இல்லாத காரணங்கள் அதில் முளைக்கும். அப்போது கையில் எடுக்கவேண்டியது மொஹிந்தர் சிங் கில் வழக்கு. 1977 மக்களவைத் தேர்தலில் பஞ்சாபின் ஃபெரோஸ்பூர் தொகுதி பற்றிய அந்த வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர், கோர்தன்தாஸ் தீர்ப்பைச் சுட்டி, ஆணை அதில் உள்ள காரணங்களைக் கொண்டே நிற்கவோ விழவோ வேண்டும். பிரமாணப் பத்திரத்தில் புதுக் காரணம் சேர்த்து அதைத் தூக்கி நிறுத்த முடியாது என்றார். ஆணைகள் வயது ஏற ஏற ருசிக்கும் பழைய மது அல்ல என்ற அவருடைய வாக்கியம் இன்றும் வாதங்களில் அடிபடுகிறது. உங்கள் மறுமொழியில், பதில் மனுவின் எந்தப் பத்தியில் உள்ள எந்தக் காரணம் ஆணையில் இல்லை என்று வரிசையாகக் குறித்துக் காட்டினால் வேறு வாதமே தேவைப்படாது.

கமலா வென்றால் என்ன கிடைக்கும் என்பதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். இயற்கை நீதி மீறலுக்காக ஆணை ரத்தானால், வழக்கமாக நீதிமன்றம் விஷயத்தை வட்டாட்சியருக்கே திருப்பி அனுப்பும்: இரு தரப்புக்கும் அறிவிப்புக் கொடுத்து, கேட்டு, தானே முடிவெடுத்து, இத்தனை வாரங்களுக்குள் காரணத்தோடு புதிய ஆணை பிறப்பிக்க வேண்டும் என்று. அதுவரை கமலாவின் பெயர் பட்டாவில் இருக்கும். புதிய ஆணையும் அவருக்கு எதிராக வரலாம். முறையாக விசாரித்து வந்திருந்தால் அதற்கு மருந்து கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு அல்லது உரிமையியல் வழக்கு.

மனு தள்ளுபடியானால், தனி நீதிபதியின் தீர்ப்பை எதிர்த்து, உயர் நீதிமன்றத்தின் அதிகாரங்களை வகுத்த அரச சாசனமான லெட்டர்ஸ் பேட்டன்ட்டின் 15-வது கூறின்கீழ் இரு நீதிபதிகள் அமர்வில் ரிட் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு 30 நாள் அவகாசம். தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு அன்றே விண்ணப்பித்துவிடுவது நல்லது. வென்ற பிறகு, குறித்த வாரங்கள் கடந்தும் வட்டாட்சியர் அசையாவிட்டால் அடுத்த படி நீதிமன்ற அவமதிப்பு மனு. முதலில் தீர்ப்பு நகலோடு ஒரு நினைவூட்டுக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையை வைத்துக்கொள்ள வேண்டும். அவமதிப்பு நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் நாளிலிருந்து ஓராண்டுக்குள் அந்த மனு வந்துசேர வேண்டும் என்பது 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20-வது பிரிவு.